மூலையில் ஆங்கர் வைத்தும் பட்டன்கள் மூலையில் நிற்கவில்லை: யூனிட்டி கேன்வாஸ் பற்றிய ஐயம்

நிறைமதி · குவாத்ர் போர்ன், மொரீஷியஸ்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கோயிலின் மாலைநேரத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்காக, உயிர்மெய் எழுத்துகளைப் பொருத்தி விளையாடும் ஒரு சிறு விளையாட்டை யூனிட்டியில் செய்து வருகிறேன். திரை கிடைமட்டமாக மட்டுமே இருக்கும். மேல் வலது மூலையில் "நிறுத்து" பட்டன், மேல் இடது மூலையில் "அமைப்புகள்" பட்டன், கீழே எழுத்துகள் கொண்ட வரிசை என்பதுதான் அமைப்பு. Canvas Scaler-இல் Scale With Screen Size தேர்ந்தெடுத்து, Reference Resolution 1920 × 1080 என்றும், Match 0 என்றும் வைத்திருக்கிறேன்.

என் மடிக்கணினியின் 16:9 திரையில் எல்லாம் நினைத்த இடத்தில் இருக்கிறது. ஆனால் வகுப்பில் உள்ள 2048 × 1536 ஐபேடில், "நிறுத்து" பட்டன் மேல் ஓரத்தை விட்டு வெகுவாகக் கீழே இறங்கி, எழுத்துக் கட்டங்களின்மேல் வந்து நிற்கிறது. ஒரு மாணவியின் 2400 × 1080 கைபேசியில் அதே பட்டன் மேலே ஏறி, அதன் கீழ் விளிம்பு ஒரு கீற்றாக மட்டுமே தெரிகிறது. பக்கவாட்டில் மட்டும் இரண்டு கருவிகளிலும் இடைவெளி சரியாகவே இருக்கிறது.

ஆங்கர் வைக்க மறந்துவிட்டேனோ என்று பலமுறை பார்த்துவிட்டேன். Inspector-இல் Anchors பகுதியில் Min 1, 1 என்றும் Max 1, 1 என்றும்தான் காட்டுகிறது. அதாவது மேல் வலது மூலை. பிறகு ஏன் அது மூலையைப் பற்றிக்கொள்ளவில்லை என்று புரியவில்லை.

---

கடலலை · ரோஸ் ஹில், மொரீஷியஸ்

வணக்கம் அக்கா. நீங்கள் Match-ஐ 0 என்று வைத்திருப்பதுதான் காரணம். 0 என்றால் கேன்வாஸ் அகலத்தை மட்டும் பார்த்து அளவிடும், உயரத்தைக் கண்டுகொள்ளாது. அதனால்தான் பக்கவாட்டில் சரியாகவும் மேலும் கீழும் தவறாகவும் வருகிறது. 0.5 என்று மாற்றிப் பாருங்கள். அகலத்துக்கும் உயரத்துக்கும் நடுவில் ஓர் அளவு கிடைத்துவிடும். என்னுடைய இரண்டு விளையாட்டுகளிலும் அப்படித்தான் வைத்திருக்கிறேன், எந்தத் திரையிலும் குறை வந்ததில்லை.

---

வேலவன் · செயின்ட் ஆந்திரே, ரெயூனியன்

வணக்கம். திரைக்கு ஏற்றபடி படம் இழுபடுவதுதான் உங்கள் சிக்கல் என்று நினைக்கிறேன். எனக்கும் இது நேர்ந்தது. நான் கோடோ 4 பயன்படுத்துகிறேன். அங்கே Project Settings-இல் stretch பகுதியில் mode என்பதை `canvas_items` என்றும், aspect என்பதை `expand` என்றும் வைத்தவுடன் கறுப்புப் பட்டைகள் மறைந்தன, பின்னணிப் படமும் அதன் விகிதம் கெடாமல் நின்றது. யூனிட்டியிலும் பின்னணிப் படத்துக்கு Preserve Aspect என்றொரு குறி இருக்கும், அதைப் போட்டுப் பாருங்கள்.

---

நிறைமதி

இருவருக்கும் நன்றி. வேலவன் அண்ணா, என் பின்னணிப் படத்தில் குறையில்லை. பட்டன்களின் இடம்தான் மாறுகிறது.

கடலலை தம்பி, Match-ஐ 0.5 ஆக்கிப் பார்த்தேன். கைபேசியில் பட்டனின் பெரும்பகுதி இப்போது தெரிகிறது. ஆனால் மேல்பகுதி கொஞ்சம் வெட்டுப்பட்டே இருக்கிறது, வலது ஓரத்திலிருந்தும் விலகி உள்ளே வந்துவிட்டது. ஐபேடிலோ பட்டனே கண்ணில் படவில்லை. முன்பு இறங்கியாவது நின்றது, இப்போது திரைக்கு வெளியே எங்கோ போய்விட்டது.

---

முத்தையன் · சாட்ஸ்வர்த், டர்பன்

வணக்கம் நிறைமதி அவர்களே. 0.5 வைத்ததும் ஐபேடில் பட்டன் மறைந்தது என்று நீங்கள் எழுதியது மிகவும் உதவியான செய்தி. உண்மையிலேயே மூலையைப் பற்றியிருக்கும் ஒரு பட்டன், Match எந்த எண்ணாக இருந்தாலும் திரையை விட்டு வெளியேற வழியில்லை. அதன் உருவம் பெரிதாகலாம், சிறிதாகலாம். ஆனால் மூலையை விட்டுப் போகாது. ஆகவே உங்கள் பட்டன் திரையின் மூலையைப் பற்றவில்லை, வேறொன்றின் மூலையைப் பற்றியிருக்கிறது.

இரண்டு விவரங்கள் வேண்டும். முதலாவது, அந்தப் பட்டனைத் தேர்ந்தெடுத்தால் Pos X, Pos Y, Width, Height என்ன காட்டுகின்றன? இரண்டாவது, Hierarchy-இல் அந்தப் பட்டன் நேராகக் கேன்வாஸின் கீழே இருக்கிறதா, இடையில் வேறு ஏதேனும் இருக்கிறதா? இருந்தால் அதன் எண்களையும் எழுதுங்கள்.

---

நிறைமதி

ஐயா, பட்டனில் Pos X 830, Pos Y 410, அகலம் 80, உயரம் 80, Pivot 0.5, 0.5. பட்டன்களை ஒழுங்காக வைப்பதற்காகக் கேன்வாஸின் கீழே Create Empty கொடுத்து "மேல்பட்டை" என்று ஒரு வெற்றுப் பொருளை உருவாக்கி, இரண்டு பட்டன்களையும் அதனுள் போட்டேன். அதற்கு Pos X 0, Pos Y 0, அகலம் 100, உயரம் 100 என்று காட்டுகிறது. அது கண்ணுக்குத் தெரியாத வெற்றுப் பொருள் என்பதால் அதனால் ஏதும் ஆகாது என்று இருந்துவிட்டேன்.

---

முத்தையன்

காரணம் அந்த "மேல்பட்டை"தான்.

ஆங்கரின் 0 முதல் 1 வரையிலான எண்கள் திரையை அளப்பவை அல்ல. அவை தாய்ப்பொருளின் செவ்வகத்தை அளப்பவை. கேன்வாஸின் கீழே நேராக இருக்கும் பட்டனுக்குத் தாய்ப்பொருள் கேன்வாஸ் என்பதால், திரையின் மூலையும் தாய்ப்பொருளின் மூலையும் ஒன்றாகிவிடுகின்றன. அதனால்தான் பலரும் ஆங்கர் என்றால் திரையின் மூலை என்றே எண்ணிக்கொள்கிறார்கள். உங்கள் அமைப்பில் பட்டனின் தாய்ப்பொருள், திரையின் நடுவில் இருக்கும் 100 × 100 அளவுள்ள ஒரு சிறு சதுரம். அதன் மேல் வலது மூலை, நடுப்புள்ளியிலிருந்து வலப்பக்கம் 50, மேற்பக்கம் 50. அங்கிருந்து 830, 410 தள்ளிப் பட்டன் நிற்கிறது. ஆக, திரையின் நடுவிலிருந்து 880 வலப்பக்கம், 460 மேற்பக்கம். நடுவில் ஆங்கர் வைத்ததற்கும் இதற்கும் நடைமுறையில் ஒரு வேறுபாடும் இல்லை.

இதை உங்கள் கருவிகளில் பொருத்திப் பார்ப்போம். 1920 × 1080 திரையில் நடுவிலிருந்து வலது ஓரம் 960, மேல் ஓரம் 540. உங்கள் பட்டனின் வெளி விளிம்புகள் 920-இலும் 500-இலும் இருப்பதால் இரண்டு பக்கமும் 40 அலகு இடைவெளி வருகிறது. Match 0 இருக்கும்போது ஐபேடில் கேன்வாஸ் 1920 × 1440 ஆகிறது. மேல் ஓரம் 720-க்குப் போய்விட்டது, பட்டனின் மேல் விளிம்பு 500-இலேயே நிற்கிறது. ஆகவே 40 இருக்க வேண்டிய இடத்தில் 220 அலகு இடைவெளி. கைபேசியில் கேன்வாஸ் 1920 × 864, மேல் ஓரம் 432. பட்டன் 420 முதல் 500 வரை இருப்பதால், 80 அலகு உயரத்தில் 12 மட்டுமே தெரியும். நீங்கள் கீற்று என்று எழுதியது அதுதான். இரண்டிலும் அகலம் 1920 ஆகவே இருந்ததால் பக்கவாட்டில் மட்டும் சரியாக அமைந்தது.

0.5 வைத்தபோது ஐபேடில் கேன்வாஸ் ஏறத்தாழ 1663 × 1247. நடுவிலிருந்து வலது ஓரம் 831 மட்டுமே. பட்டனோ 840-இல் தொடங்குகிறது. முழுவதும் வெளியே போய்விட்டது.

இனி இதைக் கணக்குப் போடாமலே கண்டுபிடிக்கும் வழி ஒன்று சொல்கிறேன். மேல் வலது மூலையில் ஆங்கர் வைத்த எந்தப் பொருளுக்கும், அது தாய்ப்பொருளின் உள்ளே இருந்தால், Pos X, Pos Y இரண்டும் எதிர்மறை எண்களாகவே இருக்க வேண்டும். ஏனெனில் அந்த மூலையிலிருந்து உள்ளே வருவது என்றால் இடப்பக்கமும் கீழ்ப்பக்கமும் வருவதுதான். மேல் இடது மூலைக்கு X நேர்மறை, Y எதிர்மறை. கீழ் இடது மூலைக்கு இரண்டும் நேர்மறை. உங்களுடையது 830, 410 என்று இரண்டும் நேர்மறையாக இருந்தபோதே, அது தன் தாய்ப்பொருளுக்கு வெளியே தொங்குகிறது என்பது தெரிந்துவிட்டது. Inspector-இல் நான் முதலில் பார்ப்பது இந்தக் குறிகளைத்தான்.

செய்ய வேண்டியது: "மேல்பட்டை"யைத் தேர்ந்தெடுத்து, ஆங்கர் படங்கள் கொண்ட பெட்டியைத் திறந்து, Alt விசையை அழுத்தியபடி கீழ் வலது கோடியில் உள்ள, இரு திசையிலும் விரியும் stretch படத்தைச் சொடுக்குங்கள். Left, Top, Right, Bottom நான்கும் 0 ஆகிவிடும். அதன்பின் அந்தச் செவ்வகம் எந்தத் திரையிலும் கேன்வாஸின் அளவையே கொண்டிருக்கும்.

---

நிறைமதி

ஐயா, நீங்கள் சொன்னபடி செய்தவுடன் இரண்டு பட்டன்களும் மடிக்கணினியிலேயே மறைந்துவிட்டன. Undo கொடுத்து மீண்டும் பழைய நிலைக்கு வந்துவிட்டேன். வேறு ஏதேனும் செய்ய வேண்டுமா?

---

முத்தையன்

நீங்கள் செய்தது சரி, அந்த மாற்றத்தையே மீண்டும் செய்யுங்கள். தாய்ப்பொருளின் மூலை இப்போது திரையின் மூலைக்கு வந்துவிட்டது. ஆனால் பட்டனில் பழைய 830, 410 அப்படியே இருக்கிறது. அதனால் அது திரையின் மூலையைத் தாண்டி இன்னும் 830 அலகு வெளியே போய் நிற்கிறது. Scene காட்சியில் பின்னோக்கி நகர்ந்து பார்த்தால் வலப்பக்கம் மேலே தனியாகத் தெரியும்.

Hierarchy-இல் பட்டனைச் சொடுக்கித் தேர்ந்தெடுங்கள். பிறகு ஆங்கர் பெட்டியில் Shift, Alt இரண்டையும் சேர்த்து அழுத்திக்கொண்டு மேல் வலது படத்தைச் சொடுக்குங்கள். Alt இடத்தை மூலைக்குக் கொண்டுவரும், Shift பிவட்டையும் அதே மூலைக்கு மாற்றும். Pos X 0, Pos Y 0, Pivot 1, 1 என்று காட்டும். அதன்பின் Pos X -40, Pos Y -40 என்று எழுதுங்கள். மேல் இடதுப் பட்டனுக்கு அதேபோல் மேல் இடது படம், பிறகு 40, -40.

பிவட்டை 0.5-இலேயே விட்டுவிட்டு -80, -80 என்று எழுதினாலும் இன்றைக்கு அதே இடத்தில்தான் நிற்கும். ஆனாலும் பிவட்டை மாற்றச் சொல்வதற்குக் காரணம் நாம் தமிழில் எழுதுகிறோம் என்பதே. "அமைப்புகள்" என்ற சொல்லும் அதன் பிரெஞ்சு, ஆங்கிலச் சொற்களும் ஒரே நீளமுள்ளவை அல்ல. மொழியை மாற்றும்போது பட்டனின் அகலமும் மாறும்படி Content Size Fitter வைப்பீர்கள். பிவட் நடுவில் இருந்தால் பட்டன் இரு பக்கமும் சமமாக விரியும். எடுத்துக்காட்டாக, வலது மூலையில் 200 அலகு அகலமுள்ள பட்டன் Pos X -140-இல் இருந்தால் ஓரத்துக்கு 40 இடைவெளி. சொல் நீண்டு அகலம் 320 ஆனால், அதன் வலது விளிம்பு -140 உடன் 160 கூட்டி 20 ஆகும். அதாவது திரைக்கு வெளியே 20 அலகு. பிவட் 1 ஆக இருந்து Pos X -40 ஆக இருந்தால், எவ்வளவு நீண்டாலும் அது உள்நோக்கியே விரியும். ஆங்கரை எந்த மூலையில் வைக்கிறோமோ பிவட்டையும் அந்த மூலையில் வைக்க வேண்டும் என்பதைப் பல மொழிகளில் வரும் விளையாட்டுகளுக்கு நான் கட்டாயமாகவே கொள்கிறேன்.

---

நிறைமதி

ஐயா, மனமார்ந்த நன்றி. மூன்று கருவிகளிலும் இரண்டு பட்டன்களும் மூலையில் நிற்கின்றன. Game காட்சியை Free Aspect-இல் வைத்து ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், எந்த வடிவத்திலும் அவை மூலையை விடவில்லை.

இப்போது கீழ் வரிசையில் மட்டும் ஒரு குறை இருக்கிறது. கீழ் இடது மூலையில் மெய்யெழுத்துகளின் தொகுதி, கீழ் வலது மூலையில் உயிரெழுத்துகளின் தொகுதி, இரண்டும் 520 அலகு அகலம், ஓரத்திலிருந்து 40 அலகு தள்ளி. நடுவில் 500 அலகு அகலத்தில் விடைப்பெட்டி. Match 0.5-இல் ஐபேடில் இவை ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் அளவுக்கு நெருங்குகின்றன. Match-ஐ 1 ஆக்கினால் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடுகின்றன. மூன்றுக்கும் ஆங்கர் சரியாகவே இருக்கிறது, குறிகளையும் பார்த்துவிட்டேன்.

---

கடலலை

அக்கா, அப்படியானால் Match 0-க்கே திரும்பிவிடலாமே. ஐபேடில் அகலம் 1920 கிடைத்துவிடும்.

முத்தையன் ஐயா, நான் 0.5 என்று சொன்னது உங்கள் விளக்கத்துக்குப் பின் முழுமையாகப் பொருந்தவில்லை என்று தெரிகிறது. ஆனால் என் விளையாட்டுகளில் அது குறையின்றி ஓடுகிறதே, அது எப்படி?

---

முத்தையன்

தம்பி, உங்கள் விளையாட்டுகளில் ஆங்கர்கள் சரியாக இருந்திருக்கும், கீழே நெருக்கமும் இருந்திருக்காது. அந்த நிலையில் 0.5 நல்ல எண்தான். அது இரண்டு விகிதங்களையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்ததற்குச் சமம். ஐபேடுக்கு அகல விகிதம் 1.067, உயர விகிதம் 1.422, இடைப்பட்ட அளவு 1.232. ஆனால் Match ஆங்கரின் வேலையைச் செய்யாது. ஆங்கர் ஒரு பொருள் எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது, Match அது எவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஒன்றின் குறையை மற்றொன்றால் மறைக்கப் போனால், ஒரு திரையில் சரியாகி இன்னொரு திரையில் கெடும்.

நிறைமதி அவர்களின் கீழ் வரிசையைக் கூட்டிப் பாருங்கள்: 520, 40, 520, 40, 500, மொத்தம் 1620 அலகு. ஐபேடில் Match 1 என்றால் கேன்வாஸின் அகலம் 1440 மட்டுமே. 180 அலகு குறைகிறது, அதனால் நடுப்பெட்டியின் இரு பக்கமும் 90 அலகு ஏறி மூடுகிறது. 0.5-இல் அகலம் 1663, பக்கத்துக்கு 21 அலகு இடைவெளி. எதிரெதிர் மூலைகளைப் பற்றிய இரண்டு பொருள்கள், திரை சுருங்கும்போது ஒன்றையொன்று நோக்கி வந்தே தீரும். ஆங்கர் அவற்றுக்கிடையே உள்ள தூரத்தைக் காப்பதில்லை.

Match 0-க்குத் திரும்பினால் ஐபேடில் இடம் கிடைக்கும். ஆனால் கைபேசியில் உயரம் 864-ஆகச் சுருங்கி, எழுத்துக் கட்டங்கள் மேல்பட்டையோடு முட்டும். அகலத்திலும் உயரத்திலும் எந்தத் திரையிலும் 1920 × 1080-க்குக் குறையாமல் கேன்வாஸ் இருக்க வேண்டும் என்பதே உங்கள் தேவை. அதற்கென்றே Screen Match Mode-இல் Expand இருக்கிறது. அது இரண்டு விகிதங்களில் சிறியதை எடுத்துக்கொள்ளும். ஐபேடில் 1.067, கேன்வாஸ் 1920 × 1440. கைபேசியில் 1, கேன்வாஸ் 2400 × 1080. உங்கள் 1620 அலகு எங்கும் அடங்கும். மிகும் இடம் பக்கவாட்டிலோ மேலும் கீழுமோ வெற்றாகக் கிடைக்கும். அதை மூலை ஆங்கர்கள் பார்த்துக்கொள்ளும்.

Play கொடுத்துவிட்டு Canvas பொருளைத் தேர்ந்தெடுத்தால், அந்தந்தத் திரைக்குக் கிடைத்த அகலமும் உயரமும் Inspector-இல் சாம்பல் நிறத்தில் தெரியும். நான் மேலே எழுதிய எண்களை அங்கேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.

---

இளவேனில் · போர்ட் லூயிஸ், மொரீஷியஸ்

நிறைமதி அக்கா, நானும் சிறு பிள்ளைகளுக்குத்தான் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். ஐபேடில் Expand வைத்தால் பட்டன்கள் சிறுத்துப்போகும் அல்லவா? உயரத்தைப் பார்த்து அளவிட்டால் 1.422 மடங்கு கிடைப்பதை விட்டுவிட்டு ஏன் 1.067-க்கு ஒப்புக்கொள்ள வேண்டும்? ஆறு வயதுப் பிள்ளை பட்டனைத் தவறாமல் தொட வேண்டும் என்பதுதான் எனக்கு முதன்மை.

---

முத்தையன்

நியாயமான கேள்வி. இதை மில்லிமீட்டரில் பார்க்க வேண்டும். 9.7 அங்குல ஐபேடில் ஓர் அங்குலத்துக்கு 264 பிக்சல். 80 அலகு பட்டன் Expand-இல் 85 பிக்சல், அதாவது 8 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதே பட்டன் 6.5 அங்குலக் கைபேசியில், அங்குலத்துக்கு ஏறத்தாழ 405 பிக்சல் என்று கொண்டால், 5 மில்லிமீட்டர் மட்டுமே. ஆண்ட்ராய்டு வழிகாட்டி தொடுபொருளுக்குக் குறைந்தது 48 dp, ஏறத்தாழ 7.6 மில்லிமீட்டர், வேண்டும் என்கிறது. ஆகவே பிள்ளைகளின் விரலுக்குச் சிறிதாக இருப்பது கைபேசியில்தான், ஐபேடில் அல்ல. பட்டனை 120 அலகாக்கினால் கைபேசியில் 7.5 மில்லிமீட்டர், ஐபேடில் 12 மில்லிமீட்டருக்கு மேல் கிடைக்கும். பிவட் மூலையில் இருப்பதால் -40, -40 என்ற இடத்தை மாற்ற வேண்டியதில்லை.

---

இளவேனில்

ஐயா, கைபேசி பற்றிய கணக்கை ஏற்கிறேன். ஆயினும் ஐபேடை மேசைமேல் வைத்து இரண்டு பிள்ளைகள் சேர்ந்து ஆடும்போது, அவர்கள் கண்ணுக்கும் திரைக்கும் இடையே தூரம் கூடுகிறது. எழுத்தின் சுழியும் கொம்பும் தெரிய வேண்டுமானால் பெரிய உருவம் வேண்டும். நான் ஐபேடுக்கு Match 1 வைத்து, கீழ் வரிசையை இரண்டு வரியாக மடித்துக் கொடுப்பதையே விரும்புவேன். வேலை கூடுதல்தான்.

---

முத்தையன்

அப்படிச் செய்வதில் தவறில்லை. 4:3 திரைக்குத் தனி அடுக்கு ஒன்றைப் பேணுவதற்கு ஆள் இருந்தால் அது பிள்ளைகளுக்கு நல்லது. ஒருவரே செய்யும் விளையாட்டுக்கு நான் Expand-ஐத்தான் பரிந்துரைப்பேன். இதை நிறைமதி அவர்களே வகுப்பில் பார்த்து முடிவு செய்யட்டும்.

---

வேலவன்

முன்பு கேள்வியை வேறு விதமாகப் புரிந்துகொண்டேன், இப்போது தெளிவாகிறது. கோடோவிலும் Control-இன் ஆங்கர் தாய்ப்பொருளையே அளக்கிறது. அதே சிக்கல் அங்கும் வரும்.

இன்னொன்று கேட்க வேண்டும். கேமராத் துளை உள்ள கைபேசிகளில் மூலையில் வைத்த பட்டன் அந்தத் துளைக்கோ வளைந்த மூலைக்கோ கீழே போய்விடுகிறது. யூனிட்டியில் அதற்கு என்ன செய்கிறீர்கள்?

---

முத்தையன்

இங்கும் தாய்ப்பொருள்தான் கைகொடுக்கும். பட்டன்களை நேராகக் கேன்வாஸில் வைக்காமல், பாதுகாப்பான பகுதியின் அளவுள்ள ஒரு செவ்வகத்தினுள் வைத்தால் போதும். அதே "மேல்பட்டை"யை இதற்குப் பயன்படுத்தலாம். பின்னணிப் படம் மட்டும் அதற்கு வெளியே, முழுக் கேன்வாஸுக்கும் விரிந்திருக்க வேண்டும்.

```csharp
void Apply()
{
    Rect s = Screen.safeArea;
    var full = new Vector2(Screen.width, Screen.height);
    rt.anchorMin = s.min / full;
    rt.anchorMax = s.max / full;
    rt.offsetMin = rt.offsetMax = Vector2.zero;
}
```

`rt` என்பது அந்தச் செவ்வகத்தின் RectTransform. ஐபோன் X-ஐக் கிடைமட்டமாகப் பிடித்தால் திரை 2436 × 1125. அதில் பாதுகாப்பான பகுதி இடமிருந்து 132 பிக்சலிலும் கீழிருந்து 63 பிக்சலிலும் தொடங்கி 2172 × 1062 அளவில் இருக்கும். அதை விகிதமாக்கினால் ஆங்கரின் Min 0.054, 0.056 என்றும், Max 0.946, 1 என்றும் வரும். பட்டனின் -40, -40 இனி அந்த உள் மூலையிலிருந்து கணக்கிடப்படும். பட்டன்களில் ஒரு வரியும் மாற்ற வேண்டாம்.

இந்த நிரலை Start-இல் மட்டும் ஒருமுறை அழைத்தால் போதாது. ஆண்ட்ராய்டு கைபேசியை இடமிருந்து வலமாகத் தலைகீழாகத் திருப்பினால், திரையின் அகலமும் உயரமும் மாறுவதில்லை, துளை மட்டும் மறுபக்கம் போகிறது. அளவு மாறாததால் அளவுமாற்றத்தைக் கவனிக்கும் நிகழ்வுகள் எழாமலேயே போகலாம். எனவே Update-இல் முந்தைய `Screen.safeArea` மதிப்போடு ஒப்பிட்டு, மாறியிருந்தால் மட்டும் Apply-ஐ அழைக்கிறேன். ஆண்ட்ராய்டில் Player Settings-இல் உள்ள Render outside safe area என்ற குறியையும் பாருங்கள். அதை எடுத்துவிட்டால் துளைப் பக்கம் கறுப்புப் பட்டையாக நிற்கும், பின்னணியை அங்கே விரிக்க முடியாது.

கருவி கையில் இல்லாதவர்கள், யூனிட்டி 2021-இலிருந்து எடிட்டரிலேயே உள்ள Device Simulator-இல் துளையையும் பாதுகாப்பான பகுதியையும் பார்க்கலாம்.

---

நிறைமதி

ஐயா, Expand வைத்து, பட்டன்களை 120 அலகாக்கி, இந்த நிரலையும் சேர்த்துவிட்டேன். கைபேசியைத் திருப்பிப் பார்த்தபோது "அமைப்புகள்" பட்டன் துளையை விட்டு விலகி உள்ளே வந்தது. ஒரே ஒரு சிறு குறை: கீழே வைத்த எழுத்துத் தொகுதிகள் அதே தாய்ப்பொருளினுள் இல்லை, அதனால் அவை துளைக்குக் கீழே போகின்றன. அவற்றையும் உள்ளே இழுத்துப் போடலாமா?

---

முத்தையன்

போடலாம். Hierarchy-இல் இழுத்து உள்ளே விட்டபின், எண்களை ஒருமுறை பாருங்கள். தாய்ப்பொருள் மாறும்போது, பொருள் திரையில் இருந்த இடம் மாறாதபடி யூனிட்டி Pos எண்களைத் திருத்திவிடும். இரண்டு செவ்வகங்களும் எடிட்டரில் ஒரே அளவில் இருந்தால் 40 என்பது 40 ஆகவே இருக்கும். Device Simulator-இல் துளையுள்ள கைபேசி தேர்ந்திருக்க, Play ஓடும்போது இழுத்தால் வேறு எண் வரும். ஆகவே Play-ஐ நிறுத்திவிட்டு இழுங்கள்.

---

கடலலை

ஐயா, ஒரு கடைசிக் கேள்வி. என் விளையாட்டைக் கணினியிலும் வெளியிடப் போகிறேன். 5120 × 1440 போன்ற 32:9 திரைகளில் Expand வைத்தால் கேன்வாஸ் 3840 × 1080 ஆகிறது. மூலையில் உள்ள உயிர் எண்ணிக்கையும் வரைபடமும் கண்பார்வைக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விடுகின்றன. அங்கேயும் மூலையில்தான் வைக்க வேண்டுமா?

---

முத்தையன்

இதில் எனக்கு ஒரே விடை இல்லை. ஆட்டத்தின் நடுவே கண்ணால் பார்க்க வேண்டிய எண்ணிக்கைகளை, நடுவில் ஆங்கர் வைத்த, அகலம் 2400 அலகைத் தாண்டாத ஒரு தாய்ப்பொருளினுள் போட்டு, அதன் மூலைகளைப் பற்ற வைப்பேன். அந்த அகலத்தைக் கேன்வாஸின் அகலம், 2400 இரண்டில் சிறியதாக நிரலில் எழுத வேண்டும். Aspect Ratio Fitter ஒரே விகிதத்தில் பூட்டிவிடும், மேல் வரம்பு மட்டும் வைக்க அதனால் இயலாது. ஆனால் சுட்டியால் சொடுக்கும் மெனு பட்டன்களைத் திரையின் உண்மையான மூலையிலேயே விடுவேன். சுட்டி ஓரத்தில் தானாகவே நின்றுவிடுவதால் அங்கே குறிவைப்பது எளிது. ஆனால் அப்போது அந்த 40 அலகு இடைவெளியும் இருக்கக்கூடாது, சொடுக்கும் பரப்பு ஓரம்வரை போக வேண்டும்.

---

வேலவன்

அதை நான் ஏற்கவில்லை ஐயா. ஒரே வரிசையில் இருந்தவற்றில் பாதியை உள்ளேயும் பாதியை வெளியேயும் வைத்தால், ஆடுபவர் இரண்டு இடங்களில் தேட வேண்டியிருக்கும். நான் எல்லாவற்றையும் வரம்புக்குள் வைத்து, அந்த வரம்பை ஆடுபவரே மாற்றிக்கொள்ளும்படி அமைப்புகளில் ஒரு நழுவியைக் கொடுக்கிறேன். அந்தத் தாய்ப்பொருளின் அகலத்தை மட்டும் மாற்றினால் மூலைகளைப் பற்றிய அனைத்தும் சேர்ந்து நகர்கின்றன.

---

கடலலை

இரண்டையும் செய்து பார்த்து, 32:9 திரை வைத்திருக்கும் நண்பரிடம் கொடுத்துவிட்டு இங்கே எழுதுகிறேன். நழுவியின் கீழ் வரம்பு 1920 அலகுக்குக் குறையாமல் வைப்பேன். இல்லையென்றால் நிறைமதி அக்காவின் கீழ் வரிசையில் வந்த நெருக்கம் என்னுடையதிலும் வந்துவிடும்.